கூரை வீடுகளும் ஒரு குலுக்கலும்: பண உதவியின் பலனை அளப்பது எப்படி, கிடைத்த சராசரியைப் படிப்பது எப்படி

ஏழைக் குடும்பத்துக்கு நிபந்தனை எதுவும் இல்லாமல் கையில் பணம் கொடுத்தால் அந்தக் குடும்பம் நிமிருமா? கேள்வி எளிது. பதில் சொல்வதுதான் சிரமம், ஏனென்றால் பணம் வாங்கிய குடும்பம் வாங்காமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத அதற்கு ஈடாக எதை வைப்பது என்பதில்தான் இந்த ஆய்வு முறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு சோதனையைப் பிடித்துக்கொண்டு போகிறது. கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரிக்கரையில் ரரியேடா என்ற பகுதி இருக்கிறது. அங்கே 2011-இல் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் கூரை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு எம்-பெசா கைபேசிக் கணக்கு வழியாகப் பணம் அனுப்பத் தொடங்கியது. யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. ஜொஹானஸ் ஹவுஷோஃபர், ஜெரமி ஷப்பிரோ இருவரும் அதன் முடிவுகளை 2016-இல் வெளியிட்டார்கள். ஷப்பிரோ அந்தத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதைத் தெரிந்துகொண்டே படிப்பது நல்லது. எதை எப்படி அளப்போம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## முதலில் நோய்: தெரிவுச் சார்பு

குலுக்கல் இல்லாமல், பணம் வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் அப்படியே ஒப்பிட்டால் என்ன ஆகும்? நான்கே வீடுகள் உள்ள ஒரு கற்பனைக் கிராமத்தில் பார்ப்போம். எண்கள் மாதச் செலவைக் குறிக்கின்றன. செலவு கூடினால் வாழ்க்கை கொஞ்சம் மேம்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு: பணம் கிடைக்காவிட்டால் எவ்வளவு, கிடைத்தால் எவ்வளவு. நிஜத்தில் இந்த இரண்டில் ஒன்றுதான் கண்ணில் படும். கற்பனைக் கிராமம் என்பதால் இரண்டையும் பார்க்கும் சலுகை நமக்கு இருக்கிறது.

| வீடு | பணம் இல்லாமல் | பணத்தோடு | பணத்தின் விளைவு |
|---|---|---|---|
| அ | 100 | 140 | 40 |
| ஆ | 120 | 160 | 40 |
| இ | 180 | 210 | 30 |
| ஈ | 240 | 270 | 30 |

நான்கு விளைவுகளின் சராசரி 35. நாம் கண்டுபிடிக்க வேண்டிய உண்மை இதுதான்.

ஓர் அதிகாரி நல்ல மனதோடு மிக ஏழைகளான அ, ஆ இருவருக்கும் பணம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து ஆய்வாளர் போகிறார். வாங்கியவர்களின் சராசரி 150, வாங்காதவர்களின் சராசரி 210. வித்தியாசம் −60. பணம் கொடுத்ததால் குடும்பங்கள் கெட்டுப்போயின என்று அறிக்கை எழுதிவிடலாம்! உண்மையில் அந்த இரண்டு வீடுகளுக்கும் பணத்தால் தலா 40 கூடியிருக்கிறது.

இப்போது வேறு மாதிரி. விண்ணப்பம் போட்டவர்களுக்குத்தான் பணம் என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, கைபேசி வைத்திருக்கிற, ஊரில் கொஞ்சம் செல்வாக்குள்ள இ, ஈ இருவரும் வாங்கிவிடுகிறார்கள். இப்போது 240-க்கு 110. வித்தியாசம் +130. திட்டம் அற்புதம் என்று தோன்றும். உண்மையான பலன் 30 மட்டுமே.

இரண்டிலும் நடந்ததை ஒரே வரியில் எழுதலாம்:

```
பார்க்கும் வித்தியாசம்
  = வாங்கியவர்களுக்குப் பணத்தால் விளைந்தது
  + பணமே வராவிட்டாலும் இரு குழுக்களிடையே இருந்திருக்கும் வித்தியாசம்

முதல் கதை:      −60 = 40 + (110 − 210)
இரண்டாம் கதை:  130 = 30 + (210 − 110)
```

இரண்டாவது உறுப்புதான் தெரிவுச் சார்பு. தரவை மேலும் மேலும் சேர்த்தாலும் அது கரையாது. நான்கு வீட்டுக்குப் பதில் நாற்பதாயிரம் வீடு எடுத்தாலும், ஏழைகளைத் தேர்ந்து கொடுத்தால் சார்பு அப்படியே நிற்கும். வருமானம், படிப்பு, நிலம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டப் பார்க்கலாம். ஆனால் விண்ணப்பம் போட ஓடியவருக்கும் சும்மா இருந்தவருக்கும் உள்ள ஊக்க வித்தியாசத்தை எந்தக் கேள்வித்தாளில் அளப்பது? அளக்காததைச் சரிக்கட்ட வழியில்லை.

## குலுக்கல் அதை எப்படி நீக்குகிறது

அதே நான்கு வீடுகள். இந்த முறை நான்கு சீட்டுகளைப் போட்டு இரண்டை எடுக்கிறோம். இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுக்க மொத்தம் ஆறு வழிகள்தான் உண்டு, ஆறுக்கும் சம வாய்ப்பு. எல்லாவற்றையும் எழுதியே பார்த்துவிடலாம்.

| பணம் யாருக்கு | வாங்கியவர் சராசரி | வாங்காதவர் சராசரி | வித்தியாசம் |
|---|---|---|---|
| அ, ஆ | 150 | 210 | −60 |
| அ, இ | 175 | 180 | −5 |
| அ, ஈ | 205 | 150 | 55 |
| ஆ, இ | 185 | 170 | 15 |
| ஆ, ஈ | 215 | 140 | 75 |
| இ, ஈ | 240 | 110 | 130 |

கடைசி நெடுவரிசையைக் கூட்டினால் 210. ஆறால் வகுத்தால் 35. உண்மையான சராசரி விளைவு அச்சாக வந்து நிற்கிறது.

இது தற்செயல் இல்லை. ஒவ்வொரு வீடும் ஆறில் மூன்று முறை வாங்கும் பக்கத்திலும் மூன்று முறை வாங்காத பக்கத்திலும் வருகிறது. ஈ வீட்டின் வசதி மூன்று முறை ஒரு பக்கத்தை உயர்த்துகிறது, மூன்று முறை மறுபக்கத்தை உயர்த்துகிறது. அதனால் பணம் வராமலே இருந்திருக்கும் வித்தியாசம், எல்லாக் குலுக்கல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, சுழியாகிவிடுகிறது. இதில் நாம் வசதியை அளக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊக்கம், உடல்நலம், உறவினர் உதவி என எதை அளந்தோமோ எதை அளக்கவில்லையோ, எல்லாவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். சீட்டுக்கு வீட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

இந்த அட்டவணையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆறு குலுக்கல்களில் ஒன்றுகூட 35 என்ற விடையைத் தரவில்லை. ஒன்று −60, ஒன்று 130. நிஜத்தில் ஒரே ஒரு குலுக்கல்தான் நடக்கும். ஆகவே குலுக்கல் சார்பை நீக்குகிறது, அதிர்ஷ்டத்தின் ஆட்டத்தை நீக்குவதில்லை. ஆனால் இந்த ஆட்டம் வீடுகள் கூடக் கூட அடங்கும், எவ்வளவு ஆடும் என்று கணக்கிடவும் முடியும். தெரிவுச் சார்புக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது.

## படி 1: பட்டியல், குலுக்கலுக்கு முன்னால்

யார் தகுதி உள்ளவர் என்பதைக் குலுக்கலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ரரியேடாவில் தகுதி கண்ணால் பார்க்கக்கூடியது: வீட்டுக்குப் புல் கூரை இருக்க வேண்டும். தகரக் கூரை போட்டவர்கள் பட்டியலில் இல்லை. வருமானம் கேட்டால் குறைத்துச் சொல்வார்கள், கூரையை ஒளிக்க முடியாது.

அங்கே 120 கிராமங்கள் எடுத்தார்கள். குலுக்கல் இரண்டு அடுக்கில் நடந்தது. முதலில் கிராமங்களைக் குலுக்கி 60 கிராமங்களுக்குத் திட்டம் வரும், 60 கிராமங்களுக்கு வராது என்று பிரித்தார்கள். அப்புறம் திட்டம் வந்த கிராமங்களுக்குள், தகுதியுள்ள வீடுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் குலுக்கல் முறையில் பணம். ஆய்வுக்கு எடுத்த கணக்கில் பணம் வந்தவை 503 வீடுகள், அதே கிராமங்களில் பணம் வராதவை 505 வீடுகள், திட்டமே வராத கிராமங்களில் 432 வீடுகள்.

எதற்கு இரண்டு அடுக்கு? பக்கத்து வீட்டுக்கு வந்த பணம் நம் வீட்டையும் தொடலாம் என்பதால். அதற்குக் கடைசியில் வருகிறேன். பட்டியல் குலுக்கலுக்கு முன்னால் முடிய வேண்டும் என்ற விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதே ஆய்வில் ஓர் உதாரணம் உண்டு. அதையும் அங்கேயே சொல்கிறேன்.

## படி 2: எத்தனை வீடு வேண்டும்

ஒரு தோராயக் கணக்கு போதும். வீட்டுக்கு வீடு மாதச் செலவு எவ்வளவு மாறுபடுகிறது என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும். நாம் தவறவிடக் கூடாது என்று நினைக்கும் மிகச் சிறிய விளைவு எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். திட்ட விலக்கத்தை அந்த விளைவால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16-ஆல் பெருக்கினால் ஒரு குழுவுக்குத் தேவையான வீடுகள் கிடைக்கும். உண்மையில் அந்த அளவு விளைவு இருந்தால் ஐந்தில் நான்கு முறை அதைப் பிடித்துவிடலாம் என்பது இந்த 16-க்குள் இருக்கும் பொருள்.

ரரியேடாவில் பணம் வாங்காத வீடுகளின் மாதச் செலவுக்குத் திட்ட விலக்கம் சுமார் 82 டாலர். 20 டாலர் விளைவைப் பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 270 வீடுகள் வேண்டும். 10 டாலர் விளைவைப் பிடிக்க வேண்டுமானால் சுமார் 1,080. விளைவு பாதியானால் வீடு நான்கு மடங்கு. இந்தக் கணக்கைப் போடாமல் 60 வீடுகளோடு தொடங்கி, கடைசியில் பலன் இல்லை என்று எழுதும் ஆய்வுகள் எதையும் சொல்வதில்லை.

ரரியேடா பற்றி இங்கே வரும் டாலர் எல்லாம் வாங்கும் திறனுக்கு ஏற்ப மாற்றிய டாலர். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 62 கென்ய ஷில்லிங் என்ற விகிதத்தில் மாற்றினார்கள்.

## படி 3: குலுக்கலை நடத்துவது

ஊர்க்கூட்டத்தில் சீட்டு எடுக்கலாம், கணினியிலும் செய்யலாம். கணினியில் செய்தால் தொடக்க எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு யார் கேட்டாலும் அதே குலுக்கலை மறுபடி ஓட்டிக் காட்டலாம். கிராமத்துக்குக் கிராமம் தனித்தனியாகக் குலுக்குவது நல்லது. இல்லாவிட்டால் வசதியான கிராமத்தின் வீடுகள் ஒரே பக்கம் குவியும் வாய்ப்பு இருக்கிறது.

```python
import random
random.seed(48213)

treat = {}
for village, homes in sorted(lists.items()):
    homes = sorted(homes)
    random.shuffle(homes)
    treat[village] = homes[: len(homes) // 2]
```

இங்கே கெடுவது பெரும்பாலும் நிரலில் இல்லை, களத்தில். பெயர் வந்த வீட்டில் ஆள் இல்லை என்று களப்பணியாளர் பக்கத்து வீட்டை எழுதிக்கொள்வார். முடிவு பிடிக்காததால் மறுபடி ஒரு முறை ஓட்டலாம் என்பார் மேலாளர். ஒன்றிரண்டு மாற்றினால் என்ன என்று தோன்றும். மாற்றியவர் ஏதோ ஒரு காரணத்தோடுதான் மாற்றுகிறார், அந்தக் காரணம்தான் தெரிவுச் சார்பு.

குலுக்கல் முடிந்ததும், பணம் போவதற்கு முன் எடுத்த கணக்கெடுப்பில் இரு குழுக்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: வீட்டில் எத்தனை பேர், முந்தைய செலவு, கால்நடை. எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். இருபது விவரங்களை ஒப்பிட்டால் ஒன்று குறிப்பிடத்தக்க அளவு விலகித் தெரிவது இயல்பு, பதற வேண்டாம். ஐந்தாறு விலகினால், அதுவும் ஒரே திசையில் விலகினால், பட்டியலை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள்.

## படி 4: போனவர்களையும் வாங்காதவர்களையும் விடாமல் அளப்பது

பணம் போய்ச் சேர்ந்த பிறகு இரு குழுக்களையும் ஒரே கேள்வித்தாளோடு, ஒரே காலத்தில் சந்திக்க வேண்டும். இங்கே இரண்டு பொறிகள்.

முதலாவது, ஊரை விட்டுப் போனவர்கள். ரரியேடாவின் திட்டக் கிராமங்களில் 1,008 வீடுகளில் இரண்டாம் கணக்கெடுப்பில் கிடைத்தவை 940. பணம் வந்த 503-இல் 471, வராத 505-இல் 469. இழப்பு 32-க்கு 36. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு என்பது ஆறுதல். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 90 என்று இருந்தால் குலுக்கல் உருவாக்கிய சமநிலை உடைந்துவிடும். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் போனவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று முதல் கணக்கெடுப்பில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பெயர் வந்தும் பணம் வாங்காதவர்கள். சிம் பதியவில்லை, பயந்தார்கள், கணவர் வேண்டாம் என்றார், எதுவாகவும் இருக்கலாம். அவர்களை வாங்காதவர் பக்கம் தள்ளிவிடத் தோன்றும். கூடாது. குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தார்களோ அந்தப் பக்கமே கடைசிவரை எண்ண வேண்டும். வாங்குவதும் மறுப்பதும் அவர்களுடைய தெரிவு. தெரிவை வைத்துப் பிரித்தால் ஆரம்பத்தில் விரட்டிய பூதம் கொல்லைப்புறமாக வந்துவிடும்.

## படி 5: கணக்கு

மனதுக்குள் போடக்கூடிய கணக்குத்தான்: ஒரு பக்கத்துச் சராசரியிலிருந்து மறுபக்கத்துச் சராசரியைக் கழிப்பது. நடைமுறையில் பின்னடைவுச் சமன்பாடாக ஓட்டுவார்கள், கிராமத்தையும் பழைய செலவையும் சேர்த்து:

```python
import statsmodels.formula.api as smf

m = smf.ols("spend ~ treat + spend0 + C(village)", data=df)
r = m.fit(cov_type="HC1")
print(r.params["treat"], r.bse["treat"])
```

கூடுதல் விவரங்களைச் சேர்ப்பது சார்பை நீக்க இல்லை. அந்த வேலையைக் குலுக்கல் முடித்துவிட்டது. அவை ஆட்டத்தைக் குறைக்க உதவுகின்றன, அவ்வளவுதான். சேர்க்காமல் கழித்துப் பார்த்தாலும் விடை பெரிதாக மாறக் கூடாது. தலைகீழாக மாறினால் எங்கோ கோளாறு. விடை எவ்வளவு ஆடும் என்பதன் அளவுதான் திட்டப்பிழை. குலுக்கல் வீட்டளவில் நடந்ததால் நிரலில் உள்ள திட்டப்பிழை போதும். கிராமம் கிராமமாகக் குலுக்கிவிட்டு வீடு வீடாகத் திட்டப்பிழை கணக்கிட்டால் விடை பொய்யான துல்லியத்தோடு வரும். ஒரே கிராமத்து வீடுகள் ஒரே மழையை, ஒரே சந்தையைப் பகிர்பவை. அங்கே கிராமத்தைத்தான் ஓர் அலகாக எண்ண வேண்டும்.

ரரியேடாவில் கிடைத்தது: நிலைத்த பொருட்கள் தவிர்த்த மாதச் செலவு, பணம் வராத வீடுகளில் 157.61 டாலர். பணத்தின் விளைவு 35.66 டாலர். திட்டப்பிழை 5.85.

## படி 6: அந்த 35.66-ஐப் படிப்பது

திட்டப்பிழையிலிருந்து தொடங்கலாம். நான்கு வீட்டு அட்டவணையில் விடை −60-க்கும் 130-க்கும் நடுவே ஆடியது நினைவிருக்கும். இங்கே அந்த ஆட்டம் எவ்வளவு என்பதைத்தான் 5.85 சொல்கிறது. கையாலேயே சரிபார்க்கலாம்: திட்ட விலக்கம் 82, குழுவுக்குச் சுமார் 470 வீடு என்றால், 82-ஐ 2/470-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 5.4 வருகிறது. அருகிலேயே இருக்கிறது. அறிக்கையில் போட்டிருக்கும் திட்டப்பிழை இந்தக் கைக்கணக்கில் பாதிகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

35.66-க்கு இரு பக்கமும் 1.96 மடங்கு திட்டப்பிழை எடுத்தால் நம்பிக்கை இடைவெளி சுமார் 24 முதல் 47 வரை. ஆக, பணம் மாதச் செலவை ஏறத்தாழ 23% உயர்த்தியது, உண்மை 15%-க்கும் 30%-க்கும் இடையே இருக்கலாம் என்று சொல்வது நேர்மையான வாசிப்பு.

எந்த மாதத்தில்? பணம் வரத் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆனபோது. இதை 12-ஆல் பெருக்கி ஆண்டுப் பலன் என்று எழுதுவதற்கு இந்தச் சோதனையில் ஆதாரம் இல்லை. கணக்கெடுத்த நேரத்தில் சிலருக்குப் பணம் அப்போதுதான் வந்திருக்கும், சிலருக்கு வந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

எவ்வளவு பணத்துக்கு? இங்கே ஒரு வேடிக்கை. கொடுத்த தொகையின் சராசரி 709 டாலர் என்று மேற்கோள் காட்டுவார்கள். 709 டாலர் யாருமே வாங்கவில்லை. 503 வீடுகளில் 366-க்கு 404 டாலர், 137-க்கு 1,525 டாலர். இரண்டையும் கலந்தால் 709. 35.66 என்பதும் இந்தக் கலவையின் சராசரி. நாளை ஓர் அரசு 709 டாலர் கொடுத்தால் 35.66 கிடைக்கும் என்று இதிலிருந்து நேரடியாகச் சொல்ல முடியாது.

யாருக்கு? சராசரி 35.66 என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் 36 டாலர் கூடியது என்று ஆகாது. பாதி வீடுகளில் 71 கூடி மீதியில் ஒன்றும் கூடாமல் இருந்தாலும் இதே சராசரி வரும். தனி வீட்டின் விளைவை எந்தக் குலுக்கலாலும் காட்ட முடியாது, ஏனென்றால் ஒரு வீட்டின் இரண்டு எண்களில் ஒன்று எப்போதும் மறைந்தே இருக்கும். ஆனால் முன்கூட்டியே குலுக்கலில் சேர்த்த பிரிவுகளுக்கிடையே ஒப்பிடலாம். ரரியேடாவில் பணம் மனைவி பெயரில் போவதா கணவர் பெயரில் போவதா என்பதையும், மொத்தமாகவா ஒன்பது மாதத் தவணையாகவா என்பதையும் குலுக்கினார்கள். தவணையாக வாங்கியவர்களிடம் உணவுப் பாதுகாப்பு கூடுதலாகத் தெரிந்தது, மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை போன்ற நிலைத்த பொருட்களில் போட்டார்கள். இரண்டையும் சராசரியில் கலந்தால் இந்தச் செய்தி காணாமல் போகும்.

அப்புறம், சுழிக்கு அருகே வந்த விடைகள். சொத்து மதிப்பு 302 டாலர் கூடியது (பணம் வராத வீடுகளின் சராசரி 495). ஆனால் உடல்நலக் குறியீட்டில் விளைவு, திட்ட விலக்கத்தை அலகாக வைத்து அளந்தால், −0.03, திட்டப்பிழை 0.06. இதைப் பணத்தால் உடல்நலத்துக்குப் பலன் இல்லை என்று படிக்கிறார்கள். இடைவெளி −0.15 முதல் 0.09 வரை. பெரிய முன்னேற்றம் இருந்திருக்க வாய்ப்பில்லை, சிறிய முன்னேற்றமோ சிறிய பின்னடைவோ இருந்தால் இந்த அளவு ஆய்வால் பிடிக்க முடியாது: சரியான வாசிப்பு இதுதான். மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை என்ற முடிவையும் இப்படியே படியுங்கள், அந்த முடிவு எனக்குப் பிடித்தமானது என்றாலும்.

இவ்வளவும் ஏழ்மையான, புல் கூரை வேய்ந்த, கைபேசிப் பணம் புழங்கும் கென்யக் கிராமங்களுக்குச் சொல்லப்பட்டது. குலுக்கல் அந்த ஊருக்குள் ஒப்பீட்டை நேர்மையாக்குகிறது. வேறு ஊருக்கு விடையைத் தூக்கிக்கொண்டு போக அது அனுமதிச் சீட்டு தருவதில்லை.

## பக்கத்து வீடு

மேலே கண்ட 35.66, பணம் வந்த வீட்டையும் அதே கிராமத்தில் பணம் வராத வீட்டையும் ஒப்பிட்டது. பணம் வந்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் மரம் வாங்கினால், கூலிக்குக் கூப்பிட்டால், வாங்காதவரின் செலவும் கூடும். அப்போது வித்தியாசம் சுருங்கி, பலன் குறைத்துக் காட்டப்படும். மாறாக விலை ஏறியோ, கடன் கொடுப்பவர் கை மாறியோ வாங்காதவர் நலிந்தால் வித்தியாசம் ஊதிப்போகும். குலுக்கல் தெரிவுச் சார்பை நீக்கினாலும் இதை நீக்காது. ஒப்பீட்டுக் குழுவே தொடப்படாமல் இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை.

அதற்காகத்தான் திட்டம் வராத 60 கிராமங்களும். ஆனால் அங்கேதான் நான் முன்பு சொன்ன பட்டியல் சிக்கல் வந்தது. திட்டக் கிராமங்களில் புல் கூரையா என்று பார்த்தது பணம் கொடுப்பதற்கு முன். திட்டம் வராத கிராமங்களில் முதல் கணக்கெடுப்பே இல்லை. கூரையைப் பார்த்தது ஏறத்தாழ ஓராண்டு கழித்து, இறுதிக் கணக்கெடுப்பின்போது. அந்த ஓராண்டில் சொந்தக் காசில் தகரம் போட்டுவிட்ட, கொஞ்சம் முன்னேறும் குடும்பங்கள் அங்கே பட்டியலில் சேரவே இல்லை. திட்டக் கிராமங்களில் அதே மாதிரிக் குடும்பங்கள் பட்டியலில் இருக்கின்றன. கிராமங்களைக் குலுக்கியது சரியாகத்தான் நடந்தது. ஆனால் வீட்டுப் பட்டியல் குலுக்கலுக்குப் பின் எழுதப்பட்டதால் ஒப்பீட்டில் தெரிவுச் சார்பு நுழைந்துவிட்டது. ஆய்வாளர்களே இதைக் கட்டுரையில் ஒப்புக்கொண்டு, கிராமத்துக்குள்ளான ஒப்பீட்டையே முதன்மையாக வைத்தார்கள்.

இதன் விலை, பணம் கொடுத்து மூன்று ஆண்டு கழித்து அளந்தபோது தெரிந்தது. இதே இருவர் 2018-இல் எழுதிய தொடர் ஆய்வில், திட்டம் வராத தொலைவுக் கிராமங்களோடு ஒப்பிட்டால் பணம் வாங்கியவர்களிடம் 422 டாலர், அதாவது 40% கூடுதல் சொத்து இருந்தது. ஆனால் மாதச் செலவு போன்ற மற்றவற்றில் தெளிவான பலன் தெரியவில்லை. கிராமத்துக்குள் ஒப்பிட்டாலோ பலன் கூடுதலாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நலிந்தார்கள் என்று படிக்கலாம். கூரைப் பட்டியலும் ஊரை விட்டுப் போனவர்களும் செய்த கோளாறு என்றும் படிக்கலாம். அந்தத் தரவை வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. ஆய்வு வெளியானதும் பெரிய விவாதம் நடந்தது, அதில் பாதிப் பேர் பட்டியல் எப்போது எழுதப்பட்டது என்பதைப் பார்க்கவே இல்லை என்பது என் எண்ணம்.

பக்கத்து வீட்டுக் கேள்விக்கென்றே, ரரியேடா இருக்கும் சியாயா மாவட்டத்திலேயே பின்னர் ஒரு பெரிய சோதனை நடந்தது: 653 கிராமங்கள், வீட்டுக்குச் சுமார் 1,000 டாலர். இந்த முறை கிராமங்களை மட்டும் குலுக்கவில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, சில பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு கிராமங்களுக்கும், சிலவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் பணம் என்று அடர்த்தியையே குலுக்கினார்கள். பணம் அடர்த்தியாக விழுந்த இடத்தில் வாங்காதவர்களுக்கு என்ன ஆனது என்று அப்போதுதான் நேரடியாகப் பார்க்க முடியும். 2022-இல் வெளியான முடிவின்படி வாங்காத குடும்பங்களின் செலவும் கணிசமாக உயர்ந்தது, விலைவாசி ஏறியது சுமார் 0.1% மட்டுமே. உள்ளே வந்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் சுமார் 2.5 டாலர் பெருகியதாக மதிப்பிட்டார்கள். அப்படியானால் அங்கே வாங்கியவர்களையும் பக்கத்தில் வாங்காதவர்களையும் வெறுமனே கழித்துப் பார்த்தவருக்கு, உண்மையான பலனைவிடக் குறைவான சராசரி கிடைத்திருக்கக்கூடும், பணம் இரு பக்கமும் வேலை செய்திருந்தபோதிலும்.